ரெண்டு பக்கமும் பழகின உதாரணத்துக்கு என்ன பேர்?

கேட்டவர்: வணக்கம். நாளைக்குள்ள ஒரு கேரோசல் முடிக்கணும், எட்டு ஸ்லைடு, இன்டர்நெட்ல பேண்ட்விட்த் வேற லேட்டன்சி வேறன்னு சொல்றது. மொதல்ல எட்டு வழிச் சாலையை வச்சேன், சின்ன ஊர்க்காரங்க மூணாவது ஸ்லைடுலயே நின்னுட்டாங்க. ஏரி மதகு வச்சேன், நகரத்து ஆளுங்க மதகுன்னா என்னன்னு கேட்டாங்க. ரெண்டையும் ஆளுக்கு ஒரு ஸ்லைடா போட்டா பாதிப் பேருக்குப் பாதி ஸ்லைடு வீண். கடைசியா குழாயும் வாளியும்தான் நின்னுச்சு. நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணி விழுதுங்கறது பேண்ட்விட்த், திறந்ததுல இருந்து மொதல் தண்ணி வர்ற வரைக்கும் லேட்டன்சி. இந்த மாதிரி உதாரணத்துக்கு டீம் கையேட்டுல ஒரு சொல் வேணும்.

இலக்கண ஐயா: சொல் ஏற்கெனவே இருக்கு: திட்டாந்தம். மணிமேகலையிலேயே வருது. தர்க்க நூலான நியாய சூத்திரம், இதோட வடமொழி வடிவமான திருஷ்டாந்தத்துக்குச் சொல்ற இலக்கணமே, பாமரனும் ஆய்வாளனும் எந்தப் பொருளை ஒரே மாதிரி புரிஞ்சுக்கறாங்களோ அதுன்னுதான். இவர் கேக்கறது அதேதானே?

தனித்தமிழ் அன்பர்: ஐயா, வடசொல். 'பொதுக்காட்டு'ன்னு வைங்க.

டிசைனர்: பொதுக்காட்டுன்னா பஞ்சாயத்துக் காடு மாதிரி கேக்குதே 😄 கேரோசலுக்கு நான் 'தள்ளுபடம்' சொல்றேன்.

தனித்தமிழ் அன்பர்: தள்ளுபடின்னு படிச்சுட்டு விலை கேப்பாங்க.

கேட்டவர்: கேரோசல் கேரோசலாவே இருக்கட்டும், நான் கேட்டது அது இல்ல.

டிசைனர்: சரி சரி. குழாயைப் பெருசாக்கினா மொதல் தண்ணியும் சீக்கிரம் வந்துடும்ல? அஞ்சாவது ஸ்லைடுல பெரிய குழாய் வரைஞ்சுடட்டா?

இயற்பியல் டீச்சர்: பாத்தீங்களா, பேண்ட்விட்தையும் லேட்டன்சியையும் ஒண்ணாக்கி நம்ம டிசைனரே சறுக்கிட்டார், வாசகர் சறுக்க மாட்டாங்களா. அதோட வீட்டுக் குழாயில தண்ணி ஏற்கெனவே நிறைஞ்சு நிக்கும், திறந்த உடனே வந்துடும், லேட்டன்சியே தெரியாது. காலி டியூப் ரெண்டு வரைங்க, அகலம் ஒண்ணு, நீளம் மட்டும் வேற. நீளமானதுல மொதல் தண்ணி லேட்டா வரும், வந்தப்புறம் வாளி ரெண்டும் ஒரே வேகத்துல நிறையும். நிஜத்துல நீளம் கூடினா ஓட்டமும் குறையும், அதனால ரொம்ப நீளமா வரையாதீங்க. தோட்டத்துக்கு விட்டவங்களுக்கும் மாடியில கார் கழுவினவங்களுக்கும் டியூப் தெரியும். படத்தைக் காட்டிட்டு, எந்த வாளியில மொதல்ல தண்ணி விழும்னு கேளுங்க, டியூப்னா என்னன்னு திருப்பிக் கேட்டா உதாரணம் தோத்துப்போச்சு.

இலக்கண ஐயா: டீச்சர் சொல்றது தொல்காப்பியர் கணக்குல வினையுவமம், செயலை வச்சு ஒப்பிடறது. வினை, பயன், மெய், உருன்னு நாலு சொன்னார். சாலை உதாரணம் வடிவத்தை ஒப்பிடற மெய்யுவமமா நின்னுட்டதுதான் கோளாறு, அகலத்தை மட்டும் காட்டுது...

தனித்தமிழ் அன்பர்: எட்டு வழிச் சாலைக்கு உவமவியல் தேவையா ஐயா?

கேட்டவர்: காலி டியூப் போட்டாச்சு, நன்றி டீச்சர். கையேட்டுல இப்போதைக்கு 'பொது உதாரணம்'னு எழுதிட்டேன், மூணு பேர் சரின்னாங்க.

தனித்தமிழ் அன்பர்: உதாரணமும் வடசொல்தான். பதிவு பண்ணிக்கங்க.