இடது பர்னரில் மட்டும் தீ நுனி மஞ்சளாக எரிகிறது – போட்டோ பார்த்துச் சொல்லுங்கள்

பின்னலாடை:
வணக்கம். திருப்பூரில் இருக்கிறேன். இரண்டு பர்னர் அடுப்பு, மேலே கண்ணாடி, பர்னர் பித்தளை, வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. ஒரு வாரமாக இடது பர்னர் மஞ்சளாக எரிகிறது. நேற்று ராத்திரி சமையலறை விளக்கை அணைத்துவிட்டு போனில் எடுத்த படத்தைப் போட்டிருக்கிறேன். படத்தில் வட்டம் முழுக்க ஆரஞ்சாகவும் நடுவில் வெள்ளையாகவும் தெரிகிறது. நேரில் பார்த்தால் இவ்வளவு மோசமில்லை. அடியில் நீலம், நுனியில் மட்டும் மஞ்சள். ஆனால் பால் பாத்திரத்தின் அடியைத் தொட்டால் விரலில் கரி ஒட்டுகிறது. போன வாரம் பால் பொங்கி வழிந்தது. மேலே ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. கழுவினால் போதுமா, ஆளைக் கூப்பிடணுமா?

கரண்டி:
சிலிண்டர் முடியப்போகிறது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கடைசி இரண்டு நாள் இப்படித்தான் மஞ்சளாக எரியும். புதுசு மாட்டினால் சரியாகிவிடும்.

பின்னலாடை:
சிலிண்டர் மாற்றிப் பத்து நாள்தான் ஆகிறது அக்கா. வலது பர்னர் நல்ல நீலமாக எரிகிறதே.

பழையஸ்பேனர்:
கரண்டி சொல்வது தப்பில்லை, சிலிண்டர் அடியை எட்டும்போது தீ மஞ்சளாவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டு பர்னருக்கும் ஒரே சிலிண்டர், ஒரே டியூப். கேஸில் கோளாறு என்றால் இரண்டும் மஞ்சளாகணும். ஒன்று மட்டும் என்றால் அந்தப் பர்னரைத்தான் பார்க்கணும்.

படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது தங்கச்சி. நீலத் தீ மங்கல், மஞ்சள் பளிச்சென்று இருக்கும். இருட்டில் போன் வெளிச்சத்தைத் தானாக ஏற்றிக்கொள்ளும். கொஞ்சம் மஞ்சள் இருந்தாலும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இரவுப் படம் என்று ஒரு வசதி இருக்கிறதே, அது ஏழெட்டுப் படத்தை ஒன்றாக்கும். ஆடுகிற நுனி எல்லாம் குழைந்துபோகும்.

இப்படி எடுங்கள். மேலே பாத்திரம் வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள். இரவு வசதியையும் ஃபிளாஷையும் அணையுங்கள். போனை அடுப்பு மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில், பின்னால் ஒரு கறுப்புத் துணியோ கறுப்புத் தட்டோ வருகிற மாதிரி பிடியுங்கள். திரையில் தீயின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் பூட்டிக்கொள்ளும். அதைக் கீழே இழுத்துக் குறையுங்கள், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரும்வரை. அதே அமைப்பில் வலது பர்னரையும் ஒன்று எடுங்கள். அந்த ஜோடிதான் முக்கியம்.

படத்தோடு வார்த்தையிலும் எழுதுங்கள். ‘மஞ்சள்’ என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த ஓட்டையிலாவது தீயே வராமல் இடைவெளி இருக்கிறதா? ஒவ்வொரு தீக்கும் உள்ளே ஒரு சின்னக் கூர்க்கூம்பு இருக்கும், அது தெளிவாக இருக்கிறதா, கலங்கி நீண்டிருக்கிறதா? மஞ்சள் நின்று எரிகிறதா, அவ்வப்போது பொறி மாதிரி வந்து போகிறதா? சுற்றிலுமா, ஒரு பக்கமா?

மாடிவீடு:
எனக்கும் இதே பிரச்சனை! பெங்களூரில் பைப் கேஸ் இருந்தது. போன மாதம் திருச்சிக்கு மாறி, அதே அடுப்பில் சிலிண்டர் மாட்டினேன். இரண்டு பர்னரிலும் ஒரு ஜாண் உயரத்துக்கு மஞ்சள் தீ. நானும் பர்னரை மூன்று தடவை கழுவிவிட்டேன். புளி, எலுமிச்சை எல்லாம் போட்டாச்சு.

பழையஸ்பேனர்:
மாடிவீடு, உங்களுடையது வேறு கதை. அடுப்பைப் பற்றவைக்கிறதை இப்போதே நிறுத்துங்கள். கேஸ் பீய்ச்சி வருகிற சின்னப் பித்தளை மூக்குதான் ஜெட், பைப் கேஸ் அடுப்பில் அதன் ஓட்டை பெரிசு. அதில் சிலிண்டர் கேஸ் விட்டால் தேவைக்கு மேல் கேஸ் வரும். எத்தனை தடவை கழுவினாலும் மாறாது, ஜெட்டை மாற்றணும். ஏஜென்சியில் சொல்லி ஆளை வரவழையுங்கள்.

உப்புக்கல்:
இதில் என்ன இருக்கிறது, ஜெட்டில் அழுக்கு. ஒரு ஊக்கை விட்டு நாலு சுற்றுச் சுற்றினால் கேஸ் நன்றாக வரும். நான் வருஷத்துக்கு இரண்டு தடவை செய்கிறேன்.

அப்புறம் ஒன்று. பக்கத்தில் உப்பு, ரசம் ஏதாவது சிந்தினாலும் தீ ஆரஞ்சாகும். அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

பழையஸ்பேனர்:
இரண்டாவது சொன்னது சரி. உப்பு பட்டால், வீடு பெருக்கும்போது தூசி பறந்தால், ஆரஞ்சுப் பொறி வரும், உடனே போய்விடும். அதனால்தான் நின்று எரிகிறதா என்று கேட்டேன். ஆனால் அந்த ஊக்கு வேலை மட்டும் வேண்டாம் தம்பி. ஜெட் மெல்லிய பித்தளை. ஊக்கு இரும்பு, ஓட்டை அகலமாகிவிடும். கேஸ் ‘நன்றாக வருகிறது’ என்று சொல்கிறீர்களே, அதுதான் மஞ்சளுக்கே காரணம்.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ஜெட்டிலிருந்து கேஸை அழுத்தம் தள்ளுகிறது. காற்றை யாரும் தள்ளுவதில்லை. கேஸ் சீறிப் போகிற வேகத்தில் பக்கத்துத் திறப்பு வழியாகத் தானாக இழுபடுகிறது. பர்னர் மூடி ஓட்டை அடைத்தால் கலவை வெளியே போக வழியில்லாமல் உள்ளே திணறும். கேஸ் அப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும், காற்றுதான் குறையும். காற்று போதாத கேஸ் முழுசாக எரியாது, கரித்துகள் சூட்டில் ஒளிரும். நீங்கள் பார்க்கிற மஞ்சள் அந்தத் துகள்தான். பாத்திர அடியில் ஒட்டுவதும் அதுவே.

பின்னலாடை:
அண்ணா, நீங்கள் சொன்னபடி எடுத்துவிட்டேன். இப்போது நேரில் பார்க்கிற மாதிரியே இருக்கிறது. ஆச்சரியம், முதல் படத்தில் தெரியாத ஒன்று இதில் தெரிகிறது.

வலது: எல்லா ஓட்டையிலும் தீ, உள்கூம்பு கூர்மையாக, கொஞ்சம் பச்சை கலந்த நீலம். மஞ்சள் இல்லை.
இடது: என் பக்கம் பார்த்த இடத்தில் வரிசையாக ஐந்து ஓட்டையில் தீயே இல்லை. அதற்கு இரண்டு பக்கமும் தீ நீளமாக, கூம்பு கலங்கலாக, நுனி மஞ்சளாக நிற்கிறது. மற்ற இடங்களிலும் லேசாக மஞ்சள் உண்டு. சிம்மில் வைத்தால் மஞ்சள் போய்விடுகிறது.

பால் வழிந்தது அந்தப் பக்கம்தான்.

பழையஸ்பேனர்:
நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பர்னரும் ஒரே அளவா? அப்படியென்றால் கழுவுவதற்கு முன்னால் ஒரு சோதனை. அடுப்பு ஆறியதும் மூடிகளை இடம் மாற்றி வைத்துப் பற்றவையுங்கள். மஞ்சள் மூடியோடு வலது பக்கம் போனால் அழுக்கு மூடியில். இடது பக்கமே நின்றால் கீழே, கேஸும் காற்றும் கலந்து மூடிக்குப் போகிற குழாயிலோ ஜெட்டிலோ. மூடி பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தால் மட்டும் செய்யுங்கள், ஆடினால் வேண்டாம்.

பின்னலாடை:
ஒரே அளவுதான். மாற்றிப் பார்த்தேன். இடைவெளியும் நீள மஞ்சளும் மூடியோடு வலதுக்குப் போய்விட்டன. ஆனால் வலது மூடியை இடதில் வைத்தால், பெரிய தீயில் நுனியில் லேசாக மஞ்சள் வருகிறது. குழப்பமாக இருக்கிறது.

பழையஸ்பேனர்:
குழப்பமில்லை. இரண்டு இடத்திலும் கோளாறு.

முதலில் மூடி. ரெகுலேட்டரை அணைத்துவிட்டு எடுங்கள். பித்தளை என்பதால் வெந்நீரில் புளி கரைத்து அரைமணி ஊறவைக்கலாம். அலுமினிய மூடி வைத்திருக்கிறவர்கள் சோடா போட்டு ஊறவைக்காதீர்கள், அரித்துவிடும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, தையல் ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாக. மூடி கனமானது, ஊசி ஒன்றும் செய்யாது. அந்த உரிமை மூடிக்கு மட்டும், ஜெட்டுக்கு இல்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டைகளை எண்ணுங்கள். அப்புறம் நன்றாகக் காயணும். ஈர மூடியை மாட்டிவிட்டு ‘கழுவியும் போகவில்லை’ என்று கூப்பிடுகிறவர்கள் பாதிப் பேர்.

அடுத்தது குழாய். ரெகுலேட்டரைச் சிலிண்டரிலிருந்தே கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சில அடுப்பில் குழாய் கையோடு வரும், சிலதில் அடியில் ஒரு திருகு. பால்புட்டி பிரஷை விட்டு இழுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். திருகு வரவில்லை என்றால் முறுக்காதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.

பின்னலாடை:
முடிந்தது. மூடி ராத்திரி முழுக்கக் காய்ந்தது. அடைத்திருந்த ஐந்தில் மூன்று ஓட்டையில் கெட்டியான பால், ஊசியால் குத்தியதும் காபித்தூள் மாதிரி கறுப்பாக உதிர்ந்தது. குழாயில் பிரஷை விட்டதும் நூலாம்படையும், அதில் சிக்கிய சாம்பல் நிறத் தூசி உருண்டை ஒன்றும் வந்தன. இலந்தைப்பழ அளவு இருக்கும்.

திரும்ப மாட்டி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. இப்போது சுற்றிலும் நீலம், இடைவெளி இல்லை. ஒன்று மட்டும்: இட்லிக் குண்டானை வைத்துப் பெரிய தீ வைத்தால் நுனியில் மெல்லிய மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. பாத்திரம் இல்லாவிட்டால் இல்லை.

கரண்டி:
அந்த அளவுக்கு மஞ்சள் எல்லா வீட்டிலும் இருக்கும். விட்டுவிடு கண்ணு.

உப்புக்கல்:
குழாயில் மிச்சம் இருக்கும், திரும்பக் கழற்றுங்கள்.

பழையஸ்பேனர்:
குளிர்ந்த பெரிய பாத்திரத்தின் அடியில் தீ முட்டி மடங்கினால் கொஞ்சம் மஞ்சள் வருவது உண்டு. தண்ணீர் சூடான பிறகும் நிற்கிறதா பாருங்கள். இன்னொரு கேள்வி: இந்த ஆறு வருஷத்தில் யாராவது அடுப்பு சர்வீஸ் செய்தார்களா? இடது ஜெட்டில் ஊக்கு விட்டார்களா?

பின்னலாடை:
இரண்டு வருஷம் முன்னால் ஒருவர் வந்தார். ஏதோ கம்பியால் குத்தினார், எந்தப் பக்கம் என்று நினைவில்லை.

பழையஸ்பேனர்:
அப்படியென்றால் படத்தை வைத்து நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். பாத்திரத்தின் அடியைப் பளிச்சென்று தேய்த்து, ஒரு வாரம் இடது பர்னரில் மட்டும் பால் காய்ச்சுங்கள். கரி பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். பிடித்தால் ஜெட்டை மாற்றணும், அது ஏஜென்சி ஆள் வேலை. அதுவரை சமைக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். தலை வலித்தால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

மாடிவீடு:
ஏஜென்சி ஆள் வந்து ஜெட்டை மாற்றிவிட்டார். நீலம்! மூன்று தடவை கழுவியது வீண்.

பின்னலாடை:
குண்டானில் தண்ணீர் கொதித்த பிறகு பார்த்தேன், மஞ்சள் பாதியாகக் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. பால் பாத்திரத்தை இன்று காலை தேய்த்து வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடியைப் படம் எடுத்துப் போடுகிறேன்.