விஏ பேனல்: இருண்ட காட்சிகளில் மட்டும் கருநிறத் தடம் தெரிகிறது. பழுதா, இயல்பா? ஐபிஎஸ்ஸுக்கு மாறலாமா?

இருட்டறை27:
வணக்கம். சென்ற வாரம் 27 அங்குலம், 2560 x 1440, 165 ஹெர்ட்ஸ் வளைதிரை மானிட்டர் ஒன்று வாங்கினேன், விஏ பேனல். பகல் காட்சிகளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இரவுக் காட்சியில் கேமராவைத் திருப்பினால், மரக்கிளைகளுக்கும் வேலிக்கம்பிகளுக்கும் பின்னால், ஈர மையை விரலால் இழுத்துவிட்டது போல ஒரு கருநிறத் தடம் நீள்கிறது. பெட்டியில் 1 மில்லிவிநாடி என்று அச்சிட்டிருக்கிறார்கள். விண்டோஸில் 165 ஹெர்ட்ஸ் என்றே வைத்திருக்கிறேன். திருப்பித் தர இன்னும் 9 நாள் இருக்கிறது. இது பழுதான மானிட்டரா? ஏறத்தாழ இதே விலையில் கிடைக்கும் ஐபிஎஸ் ஒன்றை வாங்குவது நல்லதா? நான் பெரும்பாலும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் விளையாடுவேன்.

வேகமேவெற்றி:
பழுதெல்லாம் இல்லை நண்பரே. மானிட்டரின் மெனுவில் Overdrive அல்லது Response Time என்று ஒரு தெரிவு இருக்கும். அதை உச்சத்தில் வைத்தால் பெட்டியில் சொன்ன 1 மில்லிவிநாடி கிடைத்துவிடும், தடமும் மறைந்துவிடும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதை நடுநிலையில்தான் வைத்து அனுப்புகிறார்கள்.

இருட்டறை27:
செய்து பார்த்தேன். கருநிறத் தடம் சற்றுக் குறைந்தது உண்மை. ஆனால் இப்போது பகல் காட்சியில் ஓடுகிற உருவங்களின் ஓரத்தில் வெளிறிய ஒளிவிளிம்பு ஒன்று கூடவே வருகிறது. முன்பு ஒரு தொல்லை இருந்தது, இப்போது இரண்டு.

பழையபேனல்காரர்:
தெரிவைச் சரியாகத்தான் சொன்னார், உச்சத்தில் வைக்கச் சொன்னதுதான் தவறு. ஓவர்டிரைவ் என்பது புள்ளி விரைவாக நிறம் மாறுவதற்காகத் தேவைக்கு மேல் ஒரு உந்துதலைக் கொடுப்பது. அளவு மீறினால் புள்ளி இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். நீங்கள் கண்ட வெளிறிய விளிம்பு அதுதான். உச்சத்துக்கு ஒரு படி கீழே வையுங்கள்.

இனி அந்த 1 மில்லிவிநாடி. சாம்பல் நிறங்களுக்கு இடையே நடக்கும் பல மாற்றங்களில் மிக வேகமான ஒன்றையே பெரும்பாலும் பெட்டியில் அச்சிடுகிறார்கள். எம்பிஆர்டி என்று போட்டிருந்தால் அது பின்விளக்கைச் சிமிட்டவிட்டுப் பெறும் வேறொரு அளவு. விஏ பேனலில் ஒளிமிக்க நிறங்களுக்கு இடையேயான மாற்றம் உண்மையிலேயே விரைவாக நடக்கும். முழுக் கருப்பிலிருந்து கருஞ்சாம்பலுக்குப் போவதுதான் இடர். கருப்பில் அதன் திரவப்படிகங்கள் செங்குத்தாக நிற்கின்றன. கருஞ்சாம்பலுக்கு அவற்றைச் சிறிதளவே சாய்க்க வேண்டும், அதற்குச் சிறிய மின்னழுத்தமே கொடுக்கப்படுகிறது, அந்த மெல்லிய தள்ளுதலுக்கு அவை மெதுவாகத்தான் அசைகின்றன.

உங்கள் மானிட்டரிலேயே கணக்கிடலாம். 165 ஹெர்ட்ஸில் ஒரு பிரேம் ஏறத்தாழ 6 மில்லிவிநாடி நிற்கும். இருண்ட மாற்றம் ஒன்றுக்கு 30 மில்லிவிநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், விஏவில் இது அரிதன்று, முதல் பிரேமின் எச்சம் ஐந்தாவது பிரேம் வரை திரையில் தங்குகிறது. நொடிக்கு 960 புள்ளி நகரும் மரக்கிளைக்கு அது 29 புள்ளி நீளம். உங்கள் திரையில் அளவுகோல் வைத்தால் சுமார் 7 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

பழுதா இயல்பா என்று அறிய, testufo.com தளத்தில் உள்ள Ghosting சோதனையில் பின்னணி நிறத்தை மாற்றிப் பாருங்கள். கருமையான பின்னணியில் மட்டும் தடம் நீண்டால் அது பேனலின் குணம். மாற்றி வாங்கினாலும் அதே மாதிரியில் அப்படித்தான் இருக்கும். எல்லாப் பின்னணியிலும் ஒரே அளவில் நீண்டால் அமைப்புகளில் ஏதோ தவறு. மானிட்டரை அரை மணி நேரம் எரியவிட்ட பிறகு சோதியுங்கள். குளிர்ந்த பேனல் இன்னும் மந்தமாக இருக்கும்.

கயல்:
நான் இதே காரணத்துக்காக விஏவைத் திருப்பிக் கொடுத்து ஐபிஎஸ் வாங்கினேன். தடம் போய்விட்டது, மறுக்கவில்லை. ஆனால் இருட்டில் பார்த்தால் திரையின் கீழ் மூலைகளில் மங்கலான ஒளி படிந்து நிற்கிறது. பழுதென்று எண்ணி மாற்றி வாங்கினேன், இரண்டாவதிலும் இருந்தது. குகைக்குள் போகும் காட்சியில் கருப்பு என்பது சாம்பலாகத்தான் தெரிகிறது. ஆனால் என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். அவனுக்கும் நிறம் கெடாமல் தெரிகிறது, விஏவில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் வெளுத்துவிடும். உங்களுக்கு அப்படி யாராவது கூட உட்காருவார்களா?

வேகமேவெற்றி:
அப்படியென்றால் டிஎன் வாங்கிவிடலாமே? வேகமும் உண்டு, விலையும் குறைவு.

பழையபேனல்காரர்:
அது பழைய கணக்கு. வேகமான ஐபிஎஸ் பேனல்கள் வந்த பிறகு டிஎன் வாங்கக் காரணம் அதிகம் மிஞ்சவில்லை. நாற்காலியில் சற்றுச் சரிந்து உட்கார்ந்தாலே திரையின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் வெவ்வேறு நிறமாகத் தெரியும். மிக உயர்ந்த ஹெர்ட்ஸில் போட்டிக்கென்றே ஆடுகிறவர்களுக்கு அதை விட்டுவிடலாம்.

கயல் சொன்னதுதான் இங்கே முதன்மையானது. விஏவின் கான்ட்ராஸ்ட் சுமார் 3000:1, வழக்கமான ஐபிஎஸ்ஸினுடையது சுமார் 1000:1. வெள்ளையை 120 நிட்ஸ் ஒளியில் வைத்தால் விஏவில் கருப்பு 0.04 நிட்ஸாகவும் ஐபிஎஸ்ஸில் 0.12 ஆகவும் இருக்கும். அறையில் விளக்கு எரிந்தால் திரையில் பட்டுத் திரும்பும் ஒளியே இந்த வேறுபாட்டை விழுங்கிவிடும், விஏ வாங்கியதன் பயனும் பெரும்பகுதி போய்விடும். ஆனால் இருட்டறையில் அந்த மும்மடங்கு நன்றாகவே தெரியும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அசையும்போது தெரியும் தடமா, அசையாமல் நிற்கும்போதும் தெரியும் சாம்பலா, எது உங்களை அதிகம் உறுத்துகிறது என்பதுதான். விரைவாகத் திரும்பிச் சுடும் ஆட்டமென்றால் நான் தயங்காமல் ஐபிஎஸ் என்பேன். மெல்ல நடந்து கதை சொல்லும் ஆட்டமென்றால் விஏ.

இரண்டு குறையும் வேண்டாமென்றால் ஓலெட் இருக்கிறது: கருப்பு முழுக் கருப்பு, நிறமாற்றம் ஒரு மில்லிவிநாடிக்கும் கீழ், பக்கவாட்டுப் பார்வையும் நன்று. விலைதான் பெரும்பாலும் இரு மடங்கைத் தாண்டும்; மேலும் மாறாத பணிப்பட்டையும் ஆட்டத்தின் உயிர்க்கோடும் நாளடைவில் திரையில் பதிந்துவிடும் அபாயம் உண்டு. நாள் முழுவதும் அதே திரையில் அலுவலக வேலையும் செய்கிறவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

இருட்டறை27:
சோதித்தேன். வெளிர் பின்னணியில் தடம் இல்லை, கரும்பின்னணியில் மட்டும் இருக்கிறது. ஆகவே பேனலின் குணம்தான். ஓவர்டிரைவை ஒரு படி இறக்கியதும் வெளிறிய விளிம்பு போய்விட்டது. ஆட்டத்தின் அமைப்பில் இருள் பகுதியைச் சற்று வெளிச்சமாக்கியபோது தடம் பாதியாகக் குறைந்ததாகத் தோன்றுகிறது, ஆனால் இரவு இரவாகத் தெரியவில்லை. என்னுடன் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

பழையபேனல்காரர்:
எதிர்பார்த்ததுதான். புள்ளிகள் முழுக் கருப்பிலிருந்து கிளம்பாததால் விரைவாக மாறுகின்றன. அதற்கு ஈடாக, எந்தக் கான்ட்ராஸ்ட்டுக்காக விஏ வாங்கினீர்களோ அதில் ஒரு பங்கைக் கொடுக்கிறீர்கள். விரைவான ஆட்டத்துக்கு மட்டும் அப்படி வைத்துக்கொண்டு, மற்றதற்குப் பழையபடி விடலாம்.

கயல்:
இடையில் ஒன்று: பிரேம் வேகம் ஏறி இறங்கும்போது, ஆட்டம் லோடு ஆகும் இருண்ட திரையில் உங்களுக்கு ஒளி துடிக்கிறதா? என் பழைய விஏவில் அது இருந்தது.

இருட்டறை27:
ஆமாம், நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன். மாறுவேகப் புதுப்பிப்பை அணைத்தால் நின்றுவிடுகிறது, ஆனால் படம் கிழிகிறது. நண்பர் ஒருவரின் ஐபிஎஸ்ஸை இரண்டு இரவு இரவல் வாங்கி இதே அறையில் அருகருகே வைத்துப் பார்க்கப் போகிறேன். 9 நாளில் இன்னும் 6 மிச்சம்.