பொருள்: பீரியாடிக் பிரீதிங்குக்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

கயல்விழி:
வணக்கம். எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடந்துபோகும் தமிழ்க் குழுவுக்கான கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உயரத்தில் தூங்கும்போது நாலைந்து மூச்சு வரவர ஆழமாகி, அடங்கி, பத்து நொடி நின்றேபோய், பெருமூச்சோடு மறுபடி தொடங்குமே, அதற்கு என்ன சொல்? பழைய வரைவில் 'மூச்சுத்திணறல்' என்று இருக்கிறது. 'காலமுறை மூச்சு' என்று மாற்றலாமா?

இளங்கோ:
திணறலைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், கயல். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திணறினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். உடனே கீழே இறக்கவேண்டும். நீங்கள் கேட்பது 4410 மீட்டரில், திங்போச்சேயில் படுக்கும் நலமானவர்களுக்கும் வருவது. ஆக்சிஜன் போதாமல் உடல் அதிகமாக மூச்சுவிடுகிறது. அதில் கரியமிலவாயு வெளியேறிவிடுகிறது. தூக்கத்தில் மூச்சை உந்துவது பெரும்பாலும் அந்த வாயுதான். அது ஓர் அளவுக்குக் கீழே போனதும் மூளை மூச்சை நிறுத்திவிடுகிறது. நின்ற நொடிகளில் வாயு சேர்கிறது, ஆக்சிஜன் இறங்குகிறது, உடனே ஆழ்மூச்சு. அந்த ஆழ்மூச்சே வாயுவை மறுபடி விரட்டிவிடுவதால் சுற்று ஓய்வதில்லை. சொல்லில் அந்தச் சுற்று தெரிந்தால் நல்லது.

மாணிக்கம்:
'மூச்சு' எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். அப்பர் 'மூசு வண்டறை பொய்கை' என்கிறார். மூசுதல் மொய்த்தல். வண்டொலி எழுந்து அடங்குவதும் இம்மூச்சும் ஒன்றே. ஆகவே 'மூசடங்கல்'. இடையில் நிற்பதற்குத் திருமூலர் வழியில் 'கும்பகம்' இருக்கவே இருக்கிறது.

கயல்விழி:
ஐயா, கும்பகம் நாமாக அடக்குவது. இது தூங்குபவர் அறியாமல் நிற்பது. 'மூச்சு அடங்கியது' என்றால் ஆள் போய்விட்டார் என்றுதான் நம் ஊரில் பொருள். இரவு ஒரு மணிக்குக் கூடாரத்தில் பக்கத்துப் படுக்கையைக் கவனிப்பவர் பயந்துபோவார்.

சுந்தர்:
'விட்டுவிட்டு மூச்சு' என்று போடுங்கள், மழைக்குச் சொல்வதுபோல. எனக்கும் குறட்டை உண்டு, முகமூடிக் கருவி வைத்துத்தான் தூங்குகிறேன். அதே நோய்தானே இது? தூக்க மாத்திரை ஒன்று போட்டால் சரியாகிவிடாதா?

இளங்கோ:
வேறு, சுந்தர். உங்களுக்குத் தொண்டை அடைபடுகிறது. நெஞ்சு இழுத்துக்கொண்டேதான் இருக்கும். இங்கே நெஞ்சே அசையாது. நீங்கள் மலைக்குப் போவதானால் முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

தூக்க மாத்திரையை நான் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 4940 மீட்டரில், லொபுச்சேயில் ஒருவர் தலைவலியோடும் குமட்டலோடும் படுக்கிறார். தூக்கம் வரவில்லை என்று நண்பர் அல்பிரசோலம் கொடுக்கிறார். அந்த வகை மாத்திரை மூச்சின் உந்துதலை மழுக்கக்கூடும். காலையில் எழுப்பினால் குளறுகிறார். மாத்திரை மயக்கமா, உயரத்தால் வரும் மூளை வீக்கமா? குதிகாலும் விரலும் தொட நேர்கோட்டில் நடக்கச் சொல்லும் சோதனையும் பயன்படாது, மாத்திரையே தள்ளாட வைக்கும். அப்போது வீக்கம் என்றே கொண்டு துணையோடு இறக்கவேண்டியதுதான். ஆகவே தலைவலி இருக்கும் இரவில் தூக்க மாத்திரை கூடாது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை மூச்சை அவ்வளவு பாதிப்பதில்லை, ஆனால் இரவில் எழுந்தால் தடுமாற வைக்கும்.

பவானி (யாழ்ப்பாணம்):
நாங்கள் நித்திரைக் குளிசை எண்டு சொல்லுவம். அதையும் பக்கத்தில போடுங்கோ தங்கச்சி. டயமொக்ஸ் குளிசையும் வருத்தத்தை மறைக்கும் எண்டு கேள்விப்பட்டன்.

இளங்கோ:
நோயை மறைக்காது அக்கா. டயமொக்ஸ் என்பது அசிடசோலமைடுதான். அது சிறுநீரகம் வழியே பைகார்பனேட்டை வெளியேற்றி இரத்தத்தைச் சற்று அமிலமாக்குகிறது. கரியமிலவாயு குறைந்திருந்தாலும் மூளை மூச்சை விடாது நடத்துகிறது. உடல் சில நாளில் தானாகச் செய்வதை இது முன்கூட்டிச் செய்கிறது, அவ்வளவே. இந்த மூச்சுக்கு மட்டுமென்றால் படுக்கும்முன் 125 மில்லிகிராம். உயர நோய்த் தடுப்புக்கு ஏறுவதற்கு முதல்நாளிலிருந்து அதே அளவு காலையும் இரவும். விரல் நுனி மதமதக்கும், சோடா சப்பென்று இருக்கும், சிறுநீர் அடிக்கடி வரும். சோல்பிடெமும் போட்டவர் அதற்காக இருட்டில் எழுந்து வழுக்கும் கல்லில் நடப்பதை நினைத்துப்பாருங்கள். சல்பா மருந்து கடுமையாக ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பவானி:
சரி, விளங்குது. அப்ப சொல்லுக்கு 'அலைமூச்சு' எப்பிடி? எழும்பும், விழும், திரும்ப எழும்பும்.

மாணிக்கம்:
அலை நிற்பதில்லையே. நிற்பதுதானே இதன் அடையாளம்? 'விட்டுவிட்டு'ம் ஆகாது, மூச்சு விடுவதே 'விடுதல்' என்பதால் பொருள் குழம்பும்.

சுந்தர்:
எனக்கு அலைமூச்சு புரிகிறது.

கயல்விழி:
நேரமில்லை, அலைமூச்சு என்றே போடுகிறேன், ஐயாவின் மறுப்பைக் குறித்துக்கொண்டேன். அதன்கீழே வரும் வரி: 'தூங்குபவரின் மூச்சு சில நொடி நின்று ஆழமாகத் தொடங்கினால் அலைமூச்சு, பெரும்பாலும் ஆபத்தில்லை. எழுப்பினால் தெளிவாகப் பேசாவிட்டால் அது அலைமூச்சு அல்ல, இறக்குங்கள்.'

மாணிக்கம்:
வரி நன்று. சொல் இன்னும் சரியில்லை.