குலுக்கல் சீட்டு: விற்காத சீட்டை எப்படிக் கணக்கில் எடுப்பது?

எங்கள் குடியிருப்பில் பொங்கலுக்குக் குலுக்கல். மொத்தம் 500 சீட்டு, ஒன்று 50 ரூபாய். பரிசு ஃப்ரிட்ஜ் 12,000, மிக்ஸி இரண்டு 5,000, குக்கர் பத்து 8,000, ஆக 25,000. அதை 500-ஆல் வகுத்தால் சீட்டுக்குச் சரியாக 50. லாபமுமில்லை, நஷ்டமுமில்லை.

ஆனால் நேற்றுவரை 380 சீட்டுதான் போயிருக்கிறது. விற்றதை மட்டும் குலுக்கினால், நான் 20 வாங்கியபின் 25,000 / 400, அதாவது 62.50 வருகிறது. விற்காத அடிக்கட்டையையும் டப்பாவில் போட்டால் பழைய 50-தான். இதைக் கமிட்டியில் கேட்டேன், "பாத்துக்கலாம் சார்" என்கிறார்கள்!

வீட்டில் ஏற்கெனவே ஃப்ரிட்ஜ் இருக்கிறது. விழுந்தால் 7,000-க்குத்தான் விற்க முடியும். அப்படிப் பார்த்தால் 20,000 / 400, சரியாக 50. கடைசி நாளில் இன்னும் சீட்டு விற்றால் அதற்கும் கீழே.

என் சந்தேகம்: கடை விலையைப் போடுவதா, எனக்குக் கையில் நிற்கும் விலையைப் போடுவதா? ஒரே ஆளுக்கு ஒரு பரிசுதான் என்று விதி இருந்தால் 20 சீட்டுக்கு எப்படிக் கணக்கிடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன், சனிக்கிழமை குலுக்கல்.