ஹார்வர்டா, வான் நியூமனா: 5 மார்க் விடையில் 8051 எந்தப் பக்கம்?

யாழினி:
ஹார்வர்டுக்கும் வான் நியூமனுக்கும் வேறுபாடு எழுதணும், 5 மார்க். "ஹார்வர்டில் இரண்டு பஸ், அதனால் வேகம். எடுத்துக்காட்டு 8051" என்று எழுதினால் போதுமா? ஒரு பக்கத்துக்குள் முடிக்கணும்.

செழியன்:
தாராளமா போதும். ஹார்வர்டில் கட்டளையும் டேட்டாவும் ஒரே நேரத்தில் வரும், அதனால் வேகம் இரண்டு மடங்கு. 8051 ஹார்வர்டுதான், எல்லாப் புத்தகத்திலும் இருக்கு. கூட அட்டவணை போட்டு நாலு வரி எழுதிடுங்க.

மகேஷ்:
ஹார்வர்டு என்றால் ரிஸ்க், வான் நியூமன் என்றால் சிஸ்க். கட்டளைகளின் எண்ணிக்கை குறைவு என்பதையும் சேர்த்துக்கோங்க.

வேலு:
மகேஷ், அது வேறு கேள்விக்கான விடை. ரிஸ்க், சிஸ்க் என்பது கட்டளைத் தொகுப்பு எப்படி இருக்கு என்பதைச் சொல்வது. இங்கே கேட்டிருப்பது நினைவகத்துக்குப் போகும் வழி. ARM7TDMI ரிஸ்க்தான், ஆனால் அதில் கட்டளைக்கும் டேட்டாவுக்கும் ஒரே பஸ். 8051-இன் கட்டளைத் தொகுப்பு சிஸ்க் வகை, அதையே ஹார்வர்டு என்கிறோம். இரண்டையும் கலந்தால் மார்க் போகும்.

யாழினி, "இரண்டு பஸ், அதனால் வேகம்" என்பதில் நடுவே உள்ள காரணம்தான் இல்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> வான் நியூமன் அமைப்பில் நிரலும் டேட்டாவும் ஒரே நினைவகத்தில், ஒரே முகவரி வரிசையில் இருக்கும். பஸ்ஸும் ஒன்றே. எனவே ஒரு நேரத்தில் கட்டளையை எடுக்கலாம், அல்லது டேட்டாவை எடுக்கலாம். எ.கா. 8085-இல் `LDA 2050H` மூன்று பைட் கட்டளை. அதற்கு 4 மெஷின் சைக்கிள், 13 டி-ஸ்டேட் ஆகும். முதல் 10 டி-ஸ்டேட் (4+3+3) கட்டளையைக் கொண்டுவரவே போகிறது. கடைசி 3 டி-ஸ்டேட்டில்தான் 2050H-இல் உள்ள டேட்டா வருகிறது.
>
> ஹார்வர்டு அமைப்பில் நிரலுக்கும் டேட்டாவுக்கும் தனித்தனி நினைவகம், தனித்தனி பஸ். இரண்டின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எ.கா. PIC16F877A-இல் கட்டளை 14 பிட், டேட்டா 8 பிட். `MOVF 0x20,W` முழுவதும் ஒரே எடுப்பில் வந்துவிடும். அது டேட்டா நினைவகத்தைப் படிக்கும் அதே நேரத்தில் அடுத்த கட்டளை நிரல் நினைவகத்திலிருந்து வந்துகொண்டிருக்கும்.
>
> குறை: ஹார்வர்டில் பஸ் இணைப்புகள் அதிகம். ஒரு நினைவகத்தில் மிச்சமாகும் இடத்தை மற்றதற்குப் பயன்படுத்த முடியாது.

இதற்கு மேல் வேண்டியது படம் மட்டும்தான்.

செழியன்:
நல்லாத்தான் இருக்கு. ஆனா "இரண்டு மடங்கு வேகம்" என்பதை ஏன் விட்டீங்க? மதிப்பெண் தருபவர் அந்த வரியைத்தானே தேடுவார்?

வேலு:
அது எப்போதும் உண்மையில்லை, அதனால் விட்டேன். பிக்கில் பெரும்பாலான கட்டளைகள் ஒரு கட்டளைச் சைக்கிள், அதாவது 4 கடிகாரத் துடிப்பு. `GOTO` வந்தால் இரண்டு சைக்கிள். முன்கூட்டியே எடுத்து வைத்த அடுத்த கட்டளை பயன்படாது, அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது முகவரியிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். "ஒரே நேரத்தில் எடுக்க முடிவதால் வேகம் கூடும்" என்று எழுதுங்க. எத்தனை மடங்கு என்று எழுத வேண்டாம்.

செழியன்:
சரி. ஆனா 8051-ஐ ஏன் தூக்கிட்டு பிக் போட்டீங்க? அதுவும் ஹார்வர்டுதானே?

வேலு:
ஹார்வர்டுதான். ஆனால் "ஒரே நேரத்தில்" என்ற வரிக்கு அது சாட்சி சொல்லாது. வெளியே நினைவகம் மாட்டிய 8051-ஐப் பாருங்க. நிரலுக்கு 64 கிலோபைட், டேட்டாவுக்கு 64 கிலோபைட் என்று தனித்தனி முகவரி வெளி இருக்கு. ஆனால் இரண்டுக்கும் அதே போர்ட் 0, அதே போர்ட் 2. எந்தச் சிப் பதில் சொல்ல வேண்டும் என்பதை `PSEN`, `RD` என்ற இரண்டு சிக்னல்தான் பிரிக்கிறது. `MOVX` ஓடும்போது வழக்கமாக வரும் `PSEN` துடிப்பில் இரண்டு வராமல் போகும். பஸ் அப்போது டேட்டாவுக்குப் போய்விட்டதால் கட்டளையை எடுக்க வழியில்லை.

ஆக 8051-இல் முகவரி வெளி இரண்டு, வெளிப் பஸ் ஒன்று. பிரிவு எங்கே தெரியும் என்றால் இங்கே:

```
MOV  DPTR,#0300H
CLR  A
MOVC A,@A+DPTR  ; PSEN: நிரல் நினைவகம்
MOVX A,@DPTR    ; RD: டேட்டா நினைவகம்
```

முகவரி 0300H ஒன்றுதான், வரும் பைட் வேறு. ஏழு-செக்மென்ட் டிஸ்ப்ளே அட்டவணையை ரோமில் வைத்துவிட்டு `MOVX` போட்டுப் படித்தால் அசெம்ப்ளர் பிழை காட்டாது, டிஸ்ப்ளேயில் மட்டும் அர்த்தமில்லாத கோடுகள் வரும். லேபில் இந்த அறிகுறி தெரிந்தால் முதலில் `MOVC` இருக்கா என்று பாருங்க.

நந்தினி:
இன்னொரு விஷயம். `PSEN`, `RD` இரண்டையும் ஒரு ஏண்ட் கேட்டில் கொடுத்து, அதன் வெளியீட்டை ராமின் ரீட் பின்னுக்குக் கொடுத்தால்? இரண்டும் லோவில் இயங்குபவை, எனவே எது லோ ஆனாலும் ராம் படிக்கப்படும். `MOVX` மூலம் எழுதிய பைட்டைக் கட்டளையாகவே ஓட்டலாம். அப்போது வெளி நினைவகம் வான் நியூமன் ஆகிவிடுகிறதே!

வேலு:
ஆமாம், தெரிந்த உத்திதான். `EA` பின்னைக் கிரவுண்டில் கட்ட மறந்தால் மட்டும் வேலை கெடும். உள்ளே 4 கிலோபைட் ரோம் உள்ள 8051 என்றால் 0000 முதல் 0FFF வரை உள் ரோமிலிருந்தே ஓடும், நீங்க ராமில் ஏற்றியதை அந்தப் பகுதியில் தொடவே தொடாது.

ரஹீம்:
என் கேஸ் கொஞ்சம் வேற. ATmega328P-இல் பிளாஷ் 32 கிலோபைட், பாதிகூட நிரம்பல. ஆனா மெனு வாசகங்கள் சேர்க்கச் சேர்க்க ராம் தீர்ந்து போர்டு ரீசெட் ஆகுது. `const` போட்டும் பயனில்லை. இதுவும் ஹார்வர்டு பிரச்சினையா?

வேலு:
அதேதான். சாதாரண பாயிண்டர் டேட்டா நினைவகத்தைத்தான் படிக்கும். அதனால் தொடக்கத்திலேயே வாசகங்கள் பிளாஷிலிருந்து 2 கிலோபைட் ராமுக்குப் பிரதி எடுக்கப்படுகின்றன. பிளாஷிலேயே வைக்க:

```
const char menu[] PROGMEM = "START";
char c = pgm_read_byte(&menu[0]);
```

இரண்டாவது வரி `LPM` கட்டளையாக மாறும். யாழினி விடையில் "மிச்சமாகும் இடத்தை மற்றதற்குப் பயன்படுத்த முடியாது" என்ற குறைக்கு இதுதான் நேரடிச் சான்று.

செழியன்:
எனக்கு இன்னும் உடன்பாடில்லை. வினாத்தாளில் எடுத்துக்காட்டு கேட்டால் 8051 என்று எழுதுவதே பாதுகாப்பு. திருத்துபவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பில் அதுதான் இருக்கும்.

நந்தினி:
அப்போ இரண்டையும் எழுதலாமே. "எ.கா. 8051, பிக்" என்று போட்டு, விளக்கத்துக்கு மட்டும் பிக்கை எடுத்துக்கலாம்.

வேலு:
அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 8051-க்குக் கீழே "ஒரே நேரத்தில் எடுக்கிறது" என்று மட்டும் எழுதாதீங்க.

யாழினி:
நன்றி. படத்தில் அம்புக்குறி எப்படி போடணும் சார்?

வேலு:
நடுவில் சிபியு. இடப்பக்கம் நிரல் நினைவகம்: முகவரி அம்பு சிபியுவிலிருந்து வெளியே, 13 பிட். கட்டளை அம்பு உள்ளே, 14 பிட். வலப்பக்கம் டேட்டா நினைவகம்: முகவரி அம்பு வெளியே, டேட்டா அம்பு இரு முனையிலும், 8 பிட். வான் நியூமன் படத்தில் ஒரே பெட்டி, ஒரே இருமுனை அம்பு, ஒரு முகவரி அம்பு. பிட் எண்களை அம்பின் மேலேயே எழுதுங்க.