ஹால் எஃபெக்ட்: காந்தப்புலத்தைத் திருப்பியும் வோல்டேஜ் பிளஸ்லயே நிற்குது, n-டைப் சாம்பிள் p-ன்னு வருது

தகடூர் லேப்

தருமபுரில ஒரு காலேஜ் லேப். ஜெர்மானியம் சாம்பிள், டப்பாவில n-டைப், தடிமன் 0.5 மிமீ, நீளம் 8, அகலம் 4 மிமீன்னு போட்டிருக்கு. நாலு ஸ்பிரிங் காண்டாக்ட்: இடது, வலது முனைகள்ல மின்னோட்டம், மேலும் கீழும் மில்லிவோல்ட் மீட்டர். மீட்டரோட சிவப்பு ஒயர் கீழ்ப்பக்கம். மின்னோட்டம் இடமிருந்து வலமாக 4 mA. காஸ் மீட்டர்ல 2000 காஸ்.

புலம் நம்மைப் பார்த்து வரும்போது +24.6 mV, திருப்பினா +147.0 mV. காயில் ஆஃப்ல இருக்கும்போதே +85.0 mV காட்டுது. ரெண்டும் பிளஸ்ங்கிறதால சராசரி 85.8 எடுத்துக் கணக்குப் போட்டேன். p-டைப், அடர்த்தி 1.16 × 10^14 ஒரு கன செ.மீ.க்குன்னு வந்தது. மல்டிமீட்டர்ல ரெண்டு முனைக்கும் நடுவே 1420 ஓம். அதை வெச்சு மொபிலிட்டி 1510. புத்தகத்துல n-ஜெர்மானியத்துக்கு 3900. டப்பா மாறிப்போச்சா, என் கணக்கா?

பாலக்கோடு

டப்பா சரிதான் மேடம். காயில் ஆஃப்ல வர்ற 85-ஐக் கழிங்க. 24.6-ல கழிச்சா மைனஸ் 60.4, 147-ல கழிச்சா பிளஸ் 62. புலத்தைத் திருப்பினதும் அடையாளமும் திரும்பிடுச்சு பாருங்க.

ஒவ்வொரு தடவையும் கழிக்கிறது தொல்லைன்னா மீட்டர்ல இருக்கிற ஜீரோ குமிழைத் திருகி 85-ஐ ஜீரோ ஆக்கிட்டு ஆரம்பிங்க. மொபிலிட்டி தப்பா வர்றது தடிமனால இருக்கும். 0.5-ன்னு டப்பாவில போட்டதை நம்ப முடியாது.

ஓசூர்க்காரன்

எங்க p-டைப் ஜெர்மானியத்துலயும் இதே மாதிரி அடையாளம் மாறுச்சு. குட்டி அடுப்புல வெச்சுச் சூடேத்தும்போது ஹால் வோல்டேஜ் குறைஞ்சு, ஜீரோவைத் தாண்டி மைனஸ் ஆயிடுச்சு. வெயில் காலத்துல உங்க லேப் சூடுதான் காரணமா இருக்கணும். ஃபேனைப் போட்டுப் பாருங்க.

காவேரிப்பட்டணம்

ஓசூர் தம்பி சொல்றது உண்மையான விஷயம், ஆனா வேற சோதனை. p-டைப்ல துளைகள் அதிகம் இருந்தாலும், சூடேற ஏற எலக்ட்ரான்கள் பெருகும். அதுங்க வேகம் அதிகங்கிறதால எண்ணிக்கையில சமமாகிறதுக்கு முன்னாடியே ஹால் வோல்டேஜைத் திருப்பிடும். n-டைப்ல அந்தத் திருப்பம் நடக்காது. இந்த மேடத்தோட சாம்பிள் அடுப்புலயும் இல்ல.

இங்க நடக்கிறது எளிமையானது. மேல் காண்டாக்டும் கீழ் காண்டாக்டும் நேருக்கு நேர் இல்ல. சாம்பிள் நெடுக மின்னோட்டம் போறதால ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 210 mV இறங்குது. அதனால காண்டாக்ட் 0.4 மிமீ விலகினாலே 85 mV வந்துடும். கீழ்க் காண்டாக்ட் கொஞ்சம் இடது பக்கம் தள்ளியிருக்கணும், அதனாலதான் பிளஸ். ஸ்பிரிங் காண்டாக்ட்ல 0.4 மிமீ விலகல் சகஜம், பாத்ததும் தெரியாது.

இந்த விலகல் வோல்டேஜ் புலத்தைத் திருப்பினாலும் மாறாது, ஹால் வோல்டேஜ் மாறும். சராசரி எடுத்ததுதான் தப்பு மேடம். சராசரியில ஹால் பங்கு ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடும். உங்க 85.8-ல ஹால் துளிகூட இல்ல, முழுக்க விலகல்தான். வித்தியாசத்துல பாதிதான் எடுக்கணும்.

பாலக்கோடு தம்பி கழிக்கச் சொன்னது சரி, குமிழைத் திருகச் சொன்னது சரியில்ல. விலகல் வோல்டேஜ் மின்னோட்டத்தோட சேர்ந்து ஏறும். 4 mA-க்கு ஜீரோ பண்ணிட்டு 2 mA-க்கு இறக்கினா பாதிதான் குறையும், குமிழ் அப்படியே கழிக்கும். கிராஃப் போட்டா கோடு மூலப்புள்ளி வழியாப் போகாது, அது ஏன்னும் புரியாது. குமிழைத் தொடாம, மின்னோட்டத்தையும் திருப்பி நாலு அளவீடு எடுங்க. மீட்டரோட சொந்த ஜீரோவும், காண்டாக்ட் சூட்டால வர்ற சின்ன வோல்டேஜும் அதுல கழிஞ்சிடும். +I-ன்னா மின்னோட்டம் இடமிருந்து வலம், +B-ன்னா புலம் நம்மைப் பார்த்து.

```
VH = [ V(+I,+B) - V(+I,-B) - V(-I,+B) + V(-I,-B) ] / 4
```

காயில் மின்னோட்டத்தை ஜீரோவுக்கு இறக்கிட்டு ஒயரை மாத்துங்க. ஓடும்போது பிடுங்கினா காயில் சுருக்குன்னு அடிக்கும், பவர் சப்ளையும் போகும். காயில் சூடேறினா புலம் குறையும், சாயங்காலம் மெயின் லைன் வோல்டேஜ் இறங்கினாலும் குறையும். அதனால ஒவ்வொரு அளவீட்டுக்கும் காஸ் மீட்டரைத் திரும்பப் பாருங்க. சாம்பிள் மேல டியூப்லைட் வெளிச்சம் படாம கறுப்புத் துணி போடுங்க, ஜெர்மானியம் வெளிச்சத்துக்கும் அசையும்.

தகடூர் லேப்

சொன்னபடி எடுத்தேன். மின்னோட்டம் பிளஸ்ல 24.6, 147.0. மின்னோட்டத்தைத் திருப்பினதும், புலம் நம்மைப் பார்த்து வரும்போது −23.0, எதிர்ப்பக்கம் −145.4.

(24.6 − 147.0 + 23.0 − 145.4) / 4 = −61.2 mV.

அதுல ஹால் கெழு 0.03825 m³/C, அடர்த்தி 1.63 × 10^14 ஒரு கன செ.மீ.க்கு. ஆனா மொபிலிட்டி இன்னும் மோசமா 1080-க்கு இறங்கிடுச்சு! முன்னாடி 1510-ஆவது இருந்தது. மைனஸ்னா n-தானா? எந்தப் பக்கம் மைனஸ்னு குழப்பமாவே இருக்கு.

காவேரிப்பட்டணம்

அடையாளத்துக்குச் சூத்திரமே வேணாம். ஃபிளெமிங் இடக்கை விதியைப் பிடிங்க. சுட்டுவிரல் புலத்தோட திசையில நம்மைப் பார்த்து, நடுவிரல் மின்னோட்டத்தோட திசையில வலது பக்கம். கட்டைவிரல் கீழே போகும். துளையோ எலக்ட்ரானோ, மின்னோட்டத்தைச் சுமக்கிறது எதுவோ அது கட்டைவிரல் பக்கம்தான் ஒதுங்கும். உங்க சிவப்பு ஒயரும் கீழ்ப்பக்கம்தான். அங்க மைனஸ்னா ஒதுங்கினது எலக்ட்ரான், அதாவது n-டைப்.

புலம் நம்மைப் பார்த்து வருதுங்கிறதைத் திசைகாட்டியில சரி பாத்தீங்களா? காஸ் மீட்டர் குச்சியைத் திருப்பிப் பிடிச்சா அதோட அடையாளமும் மாறிடும், அதை நம்பாதீங்க. காயில்ல கொஞ்சமா மின்னோட்டம் விட்டு, திசைகாட்டியை ஒரு அடி தள்ளி, ரெண்டு துருவ நடுவையும் இணைக்கிற கோட்டுலயே வெச்சுப் பாருங்க. துருவ இடைவெளிக்குள்ள விட்டா திசைகாட்டி முள்ளே தலைகீழாக் காந்தமாகிடும்.

மொபிலிட்டிக்கு வர்றேன். தடிமன்னு தம்பி சொன்னது அடர்த்திக்குப் பொருந்தும். 0.5 தப்பா இருந்தா அடர்த்தி அந்த விகிதத்துல தப்பும். ஆனா மொபிலிட்டி ஹால் கெழுவை மின்தடை எண்ணால வகுத்தது. ரெண்டுலயும் தடிமன் பெருக்கல்ல இருக்கு, வகுக்கும்போது போயிடும். தடிமனே தெரியாத சாம்பிளுக்கும் மொபிலிட்டி சரியா வரும். அதனால திருகு அளவியை வெச்சு அழுத்தாதீங்க, ஜெர்மானியம் விரிசல் விட்டுடும்.

கோளாறு 1420 ஓம்ல இருக்கு. மல்டிமீட்டர் மின்னோட்டம் விடுற அதே ஒயர்ல வோல்டேஜையும் பாக்குது. ஸ்பிரிங் முனை ஜெர்மானியத்தைத் தொடுற இடத்துத் தடையும் அதுல சேர்ந்திருக்கு. உண்மையான தடை 400 ஓம் பக்கம்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.

பாலக்கோடு

அப்போ நாலு முனை புரோப் வெச்சு அளக்கலாமே சார்?

காவேரிப்பட்டணம்

லேப்ல இருக்கிற புரோப்ல முனை இடைவெளி 2 மிமீ. நாலு முனைக்கு 6 மிமீ போயிடும். 8-க்கு 4 சாம்பிள்ல ஓரம் ரொம்பக் கிட்ட வர்றதால நேர் சூத்திரம் செல்லாது, திருத்தக் காரணி தேடணும்.

அதைவிட இருக்கிற நாலு ஸ்பிரிங்கையே வேன் டெர் பாவ் முறையில பயன்படுத்துங்க. புலம் வேண்டாம். முதல்ல இடது–கீழ் வழியா 4 mA விட்டு, மேல்–வலது நடுவே வோல்டேஜ். அடுத்து கீழ்–வலது வழியா விட்டு, இடது–மேல் நடுவே வோல்டேஜ். ரெண்டையும் மின்னோட்டத்தைத் திருப்பிச் சராசரி எடுங்க. வோல்டேஜ் எடுக்கிற ஒயர்ல மின்னோட்டம் ஓடாததால காண்டாக்ட் தடை உள்ள வராது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்க விலகல் வோல்டேஜுக்குச் சமமா வரணும். வரலைன்னா ஏதோ ஒரு காண்டாக்ட் சரியா ஒட்டலை.

```
Rs  = 4.532 * f * (R1 + R2) / 2
rho = Rs * t
```

`R1`, `R2` வோல்டேஜை மின்னோட்டத்தால வகுத்தது. ரெண்டும் சமமா இருந்தா `f` 1. ஒண்ணு மத்ததைவிட ஒன்றரை மடங்கு பக்கம் இருந்தா 0.985 பக்கம்.

தகடூர் லேப்

முதல்ல 147.6 mV, அடுத்தது 231.9 mV. வித்தியாசம் 84.3. காயில் ஆஃப்ல வந்த 85.0-ல, மின்னோட்டத்தைத் திருப்பினதுல தெரிஞ்ச மீட்டரோட சொந்த 0.8-ஐக் கழிச்சா 84.2. ஒத்துப்போகுது!

36.9 ஓம், 58.0 ஓம். `f` 0.983 போட்டா Rs 211 ஓம், மின்தடை எண் 10.6 ஓம் செ.மீ. மொபிலிட்டி 3620. திசைகாட்டியும் பாத்தாச்சு, புலம் நம்மைப் பார்த்துதான் வருது.

அரூர் மாணவி

எங்க ரெக்கார்டு நோட்ல அடர்த்திக்கு 3π/8-ஆல பெருக்கணும்னு இருக்கு மேடம். அப்போ 1.92 × 10^14 வரும். எதை எழுதுறது?

காவேரிப்பட்டணம்

ஆய்வுக்கூடம் கேக்கிறதை எழுதும்மா, ஆனா பெருக்கினியா இல்லையான்னு பக்கத்துல குறிச்சிடு. அந்த 3π/8, அதாவது 1.18, அணிக்கோவை அதிர்வு மட்டும் எலக்ட்ரானைச் சிதறடிக்குது, ஆற்றல் பட்டை உருண்டையா இருக்குங்கிற அனுமானத்துல வந்தது. n-ஜெர்மானியத்தோட பட்டை நீள்வட்டம். என் பழக்கம் பெருக்காம எழுதுறது. இதை ஒத்துக்காதவங்களும் இருக்காங்க.

3620 நம்பலாம். 3900 என்பது 300 கெல்வினுக்கு. உங்க லேப் அதைவிடச் சூடு, சூடேறினா மொபிலிட்டி இறங்கும், கொஞ்சம் துளைகளும் சேரும். அதோட ஸ்பிரிங் முனை சாம்பிளோட விளிம்புல இல்லாம அரை மிமீ உள்ள தள்ளித்தான் உக்காரும். வேன் டெர் பாவ் விளிம்புல இருக்கணும்னு எதிர்பாக்கும். அதனால மூணாவது இலக்கத்தை நம்ப வேண்டாம்.

பாலக்கோடு

ஒண்ணு மட்டும் இடிக்குது. காயில் ஆஃப்ல 85.0, ஆனா ரெண்டு திசையோட சராசரி 85.8. அந்த 0.8 எங்கிருந்து வந்தது? மீட்டர் ஜீரோ ரெண்டுலயும்தானே இருக்கு.

காவேரிப்பட்டணம்

நல்லா பிடிச்ச தம்பி. ஒண்ணு, காயில் ஆஃப் ஆனாலும் இரும்புல மிச்சப் புலம் தங்கும். இன்னொண்ணு, புலத்துல சாம்பிளோட தடையே கொஞ்சம் ஏறும், அதோட விலகல் வோல்டேஜும் ஏறும். மேடம், பிளஸ் புலத்துக்குப் பிறகு ஒரு தடவை, மைனஸ் புலத்துக்குப் பிறகு ஒரு தடவை காயில் ஆஃப்ல பாருங்க.

தகடூர் லேப்

பிளஸ்ஸுக்குப் பிறகு 84.4, மைனஸ்ஸுக்குப் பிறகு 85.9.

காவேரிப்பட்டணம்

ரெண்டுக்கும் நடுவே 1.5, அதுல பாதி 0.75 mV. அது சுமார் 25 காஸ் மிச்சப் புலம். ஆனா அதுங்க சராசரி 85.15, இன்னும் 0.65 குறையுது. தடை ஏறினதால மட்டும்னா 2000 காஸுக்கு அது அதிகம்னு எனக்குப் படுது. காயில் சூடு சாம்பிளைத் தொட்டிருக்கலாம். 1000 காஸ்ல திரும்ப எடுங்க. தடை ஏற்றம் புலத்தோட வர்க்கத்துல போகும், அதனால கால்வாசியாகணும். அப்படி ஆகலைன்னா வேற காரணமும் இருக்கு, சூடா இருக்கலாம்.

தகடூர் லேப்

திங்கட்கிழமை காலைல, லேப் சூடேறுறதுக்கு முன்னாடி எடுத்துப் போடறேன்.