சராசரி பாஸ், ஆனால் டயல் கேஜ்கள் நாலும் நாலு கதை சொல்கின்றன

தொடங்கியவர் (சைட் இன்ஜினியர்):
போன மாதம் எங்கள் சைட்டில், அஸ்திவாரத்துக்காக மண்ணுக்குள் இறக்கிய கான்கிரீட் தூணான 600 மிமீ பைல் ஒன்றுக்கு ரொட்டீன் லோடு டெஸ்ட் நடந்தது. டிசைன் லோடு 100 டன், அதனால் 150 டன் வரை ஏற்றி 24 மணி நேரம் பிடித்தார்கள். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் செட்டில்மென்ட், அதாவது பைல் இறங்கிய அளவு, 10.7 மிமீ, இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2911 நான்காம் பகுதி சொல்லும் வரம்பு 12 மிமீ, ஆகவே ஏற்கத்தக்கது என்று இருந்தது. கையெழுத்துப் போடப் போனேன். அப்புறம்தான் பின்னிணைப்பைப் புரட்டினேன். இறக்கத்தை அளக்க வைத்த நாலு டயல் கேஜ்களும் வரிசையாக 6.2, 6.9, 14.4, 15.3. கூட்டி நாலால் வகுத்தால் 10.7 வருகிறது. பாதி பைல் பாஸ், பாதி பைல் ஃபெயிலா?

கான்ட்ராக்டர் தரப்பில் வேலை பார்த்தவர்:
சராசரிதான் கணக்கு. தனித்தனி கேஜைப் பார்த்தால் ஒரு டெஸ்டும் தேறாது. போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

முப்பது வருடமாக அஸ்திவார வேலை பார்ப்பவர்:
பைலின் நடுப்புள்ளி எவ்வளவு இறங்கியது என்பதற்குச் சராசரிதான் சரி. அதில் சண்டையில்லை. ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார். முதலில் எதிரெதிர் ஜோடிகளைப் பாருங்கள். கேஜ்கள் வரிசையாகச் சுற்றி வைக்கப்பட்டவை என்றால் 1-ம் 3-ம் சேர்ந்து சராசரி 10.3, 2-ம் 4-ம் சேர்ந்து 11.1. இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன. அப்படியென்றால் எந்த கேஜும் பொய் சொல்லவில்லை, தலைப்பகுதி நிஜமாகவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். வித்தியாசம் முதல் லோடிலிருந்தே இருந்ததா, பாதியில் வந்ததா? லோடை இறக்கிய பிறகு எந்த கேஜில் எவ்வளவு மிச்சம்? கேஜின் முனை எங்கே உட்கார்ந்திருந்தது, பைலின் பக்கவாட்டிலா, லோடு ஏற்றும் ஜாக்குக்குக் கீழே உள்ள இரும்புத் தகட்டிலா?

தொடங்கியவர்:
80 டன் வரை நாலும் அரை மிமீக்குள் ஒன்றாகத்தான் போயின. 100 டன்னில் பிரிய ஆரம்பித்தன. இறக்கிய பிறகு மிச்சம் 2.9, 3.3, 10.2, 11.2. போட்டோவில் பார்த்தேன், முனைகள் தகட்டின் மேல்தான்.

முப்பது வருடமாக அஸ்திவார வேலை பார்ப்பவர்:
அப்படித்தான் நினைத்தேன். நாலு கேஜும் திரும்பி வந்தது 3.3-இலிருந்து 4.2 மிமீக்குள். மீளும் தன்மை நாலு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். மீளாத பங்குதான் ஒரு பக்கம் குவிந்திருக்கிறது. தகட்டுக்கு அடியில் சமன்படுத்தப் போட்ட சாந்து அந்தப் பக்கம் நொறுங்கியிருக்கலாம், பைல் தலையின் ஓரக் கான்கிரீட்டும் உடைந்திருக்கலாம். ஜாக் நடுவில் இல்லையென்றால் இது நடக்கும். சாந்துதான் நசுங்கியது என்றால், அதையும் பைலின் இறக்கமாகத்தான் கணக்கில் எழுதியிருக்கிறார்கள், நிஜ இறக்கம் 10.7-ஐ விடக் குறைவு. முனைகள் பைலின் பக்கவாட்டில் இருந்து இதே எண்கள் வந்திருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதியிருக்க மாட்டேன்.

இன்னொரு உறுப்பினர்:
என் அனுபவம் வேறு மாதிரி. வேறொரு டெஸ்டின் ஃபீல்டு ஷீட்டைக் கேட்டு வாங்கினேன். பகலில் ரீடிங் 9.38, 9.41, 9.36 என்று கொஞ்சம் ஆடிக்கொண்டே இருந்தது. வெயிலில் கேஜ்களைத் தாங்கும் டேட்டம் பார் நீள்வதால் அது இயல்பு. இரவு ஒன்றிலிருந்து ஐந்து வரை மட்டும் 9.44, 9.44, 9.44. ஒரே பேனா, ஒரே சாய்வு. ஜாக்கின் பிரஷர் பதிவும் அசையவில்லை. கசியாத ஜாக்கை நான் பார்த்ததே இல்லை! ஆள் தூங்கிவிட்டார் என்று புரிந்தது. அந்த 24 மணி நேரத்தை நான் ஏற்கவில்லை.

புதிய உறுப்பினர்:
எங்கள் கட்டடமும் பைல் மேல்தான். அப்படியென்றால் அது 12 மிமீ இறங்கும் என்று அர்த்தமா? சுவரில் விரிசல் இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

முப்பது வருடமாக அஸ்திவார வேலை பார்ப்பவர்:
இல்லை. 12 மிமீ என்பது ஒரு தனி பைலை ஒன்றரை மடங்கு லோடில் ஒரு நாள் வைத்துப் பார்த்ததற்கான வரம்பு. கட்டடம் உட்காருவது பைல் கூட்டத்தின் மேல். கூட்டமாக இருக்கும்போது ஆழத்தில் உள்ள மண்ணும் அமுங்கும், களிமண் என்றால் வருடக்கணக்கில். இந்த ரிப்போர்ட்டை வைத்து உங்கள் விரிசலுக்குப் பதில் சொல்ல முடியாது.

தொடங்கியவர்:
பைல் தலையைப் பார்க்கலாம் என்று போனேன். பைல்களின் மேல் கான்கிரீட் கேப் போடுவதற்காக ஏற்கெனவே உடைத்துவிட்டார்கள். சாந்தா கான்கிரீட்டா என்று இனி தெரியாது. பைலுக்குள் உடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் இன்டக்ரிட்டி டெஸ்டைக் கன்சல்டன்ட் கேட்கிறார். கான்ட்ராக்டர், பாஸான பைலுக்கு எதற்கு என்கிறார். தலையின் ஓரம் உடைந்ததை அந்த டெஸ்ட் காட்டுமா என்பதே எனக்குச் சந்தேகம். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

கான்ட்ராக்டர் தரப்பில் வேலை பார்த்தவர்:
உடைந்த ஓரத்தைத்தான் வெட்டி எறிந்துவிட்டார்களே, இனி எதைத் தேடப்போகிறார்கள்?